நாளைக்கு ஆக்கள் வீடு பார்க்க வருவினம்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கீழே இருப்பவர் வெளிக்கிடுவதாக எழுதிக் கொடுத்ததுமே மேல்மாடியில் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தாலும் வங்கிக் கடனின் தவணை நிற்காது. அதனால் பழைய ஆள் உள்ளே இருக்கும்போதே புது ஆட்களுக்கு வீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. "நாளைக்கு ஆக்கள் வீடு பார்க்க வருவினம்" என்று கைப்பேசியில் ஒரு வரி வந்து விழும். சண்டை பெரும்பாலும் அந்த வரியில்தான் பிறக்கிறது.

24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்காமல் வீட்டுக்காரர் உள்ளே வரக் கூடாது என்பது ஒன்டாரியோவில் பலரும் அறிந்த விதி. பழுது பார்க்கவோ, வீட்டை விலைக்கு வாங்க நினைப்பவருக்குக் காட்டவோ வரும்போது அது அப்படியே பொருந்தும். புதிதாக வாடகைக்கு வருபவருக்குக் காட்டுவது வேறு கணக்கு. 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதற்கு எழுத்து அறிவித்தலும் கேட்கவில்லை, 24 மணி நேரமும் கேட்கவில்லை. இரு தரப்பில் யாராவது ஒருவர் முறைப்படி விலகல் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இருவரும் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். வருகை காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். வருவதற்கு முன் குடியிருப்பவருக்குச் சொல்ல வேண்டும், குறைந்தது சொல்வதற்கு நியாயமான முயற்சியாவது எடுத்திருக்க வேண்டும். "போகலாம் என்று யோசிக்கிறன்" என்று படிக்கட்டில் நின்று பேசியது அறிவித்தல் ஆகாது.

சட்டம் எழுத்தைக் கேட்காவிட்டாலும் குறுஞ்செய்திக்கு மதிப்புண்டு. முயற்சி எடுத்தேன் என்று பிறகு காட்ட வீட்டுக்காரர் கையில் இருக்கப்போவது அதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கீழ்வீட்டில் இருப்பவர் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் பெண். ஓகஸ்ட் 28ஆம் தேதி என் 9 படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். 60 நாள் கழிய வேண்டும், வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியவும் வேண்டும். ஆகவே அவருடைய கடைசி நாள் ஒக்டோபர் 31. காலை எட்டரைக்கு வீடு திரும்பி, மதியம் இரண்டு வரை தூங்குவார். வீட்டுக்காரர் காலை 11 மணிக்கு ஆளைக் கூட்டி வந்தாலும் சட்டப்படி பிழையில்லை. ஆனால் இருண்ட அறையில் போர்வைக்குள் ஒருவர் கிடக்கும் வீட்டை எந்தக் குடும்பம் விரும்பி எடுக்கும்?

அந்தப் பெண்ணுக்கும் எல்லை உண்டு. வரவே கூடாது என்று அவர் மறுக்க முடியாது. வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் பூட்டை மாற்றவும் முடியாது. வீட்டில் இருப்பதா வெளியே போவதா என்பது அவர் விருப்பம். மறுபக்கம், ஒன்பது வாரமும் தினமும் இரண்டு தடவை ஆட்கள் ஏறி இறங்கினால் அது நிம்மதியாகக் குடியிருக்கும் உரிமையில் கை வைப்பதாகிவிடும். அப்போது அவர் டி 2 படிவத்தில் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் சபைக்கு முறையிடலாம். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்படி சபை உத்தரவிட முடியும்.

சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரின் குடும்பத்தோடு பகிர்ந்து வாழ வேண்டிய ஏற்பாடு என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. அறை வாடகைக்கு எடுக்கும் மாணவர்கள் பலர் இதைப் பிந்தித்தான் அறிகிறார்கள்.

இன்னொரு பொறி வீட்டுக்காரருக்கு. "மகன் குடியிருக்கப் போகிறான்" என்று சொல்லி என் 12 படிவத்தில் ஆளை எழுப்பியவர், அதே வீட்டை வாடகைக்குக் காட்ட ஆள் கூட்டி வந்தால், தன் அறிவித்தல் பொய் என்பதற்குத் தானே எழுத்தில் சாட்சி அனுப்பியதாகிவிடும்.

நம் உதாரணத்தில் முதல் செய்தி ஒரே வரி: "நாளைக்கு ஆக்கள் வருவினம், வீட்டைத் துப்புரவா வைச்சிருங்கோ." எத்தனை மணி, எத்தனை பேர், யார் கூட வருவார், ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கட்டளை. அந்தப் பெண் பதில் போடவில்லை. மேல்மாடியில் யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது செய்தி இப்படி வந்தது:

"தங்கச்சி, சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில ரெண்டு குடும்பம் வீடு பார்க்க வருவினம். நானும் கூட வருவன். நீங்கள் நிக்க வேணுமெண்டு இல்லை. உங்கட சாமானை ஒருத்தரும் படம் எடுக்க விடமாட்டன். நேரம் சரிவராட்டி இண்டைக்கு இரவுக்குள்ள சொல்லுங்கோ."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சரி அண்ணை. ரெண்டு மணிக்குப் பிறகு எப்ப வந்தாலும் பிரச்சினையில்லை. குளியலறைக் கதவு இன்னும் இறுகித்தான் கிடக்கு, அவையள் வர முந்தி ஒருக்காப் பாருங்கோ."