மாமாவின் படகும் மூன்று நாட்டுக் கடிதங்களும்!

மூலக்கொத்தளத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குபவர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, மாமாவின் படகும் வலையும் கறுத்துப்போயின. மாமா பக்கெட்டில் எண்ணெயை அள்ளியதைப் பார்த்தவளுக்கு, சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க ஆசை.

வெளிநாட்டில் சேர விண்ணப்பித்தால், ‘ஏன் இந்தப் படிப்பு?’ என்று எழுதித் தரச் சொல்வார்கள். அவளிடம் இருப்பது ஒரே பதில்தான். ஆனால், ஒரே கடிதத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்ப முடியாது.

அமெரிக்கா: கதை வேண்டும்

‘காமன் ஆப்’ கட்டுரை 250 முதல் 650 வார்த்தைகள். இங்கே படகில் தொடங்கலாம். கையில் ஒட்டிய எண்ணெய் சோப்புக்கும் போகாதது, மாமா வேலையின்றி வீட்டில் இருந்தது, அதனால் இவள் மனதில் என்ன மாறியது என்று விரிவாக எழுதலாம். அவர்கள் தேடுவது ஆளை. கதை மாமாவைப் பற்றியே முடிந்துவிட்டால், அது தோற்ற கட்டுரை.

பிரிட்டன்: பாடம் வேண்டும்

‘யூகாஸ்’ விண்ணப்பத்தில் இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான். 2026 சேர்க்கையிலிருந்து அதையும் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, படித்தவை எப்படித் தயார்செய்தன, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள். இங்கே படகுக்கு இரண்டு வரி போதும். எண்ணெய் ஏன் தண்ணீரில் கரையவில்லை என்று வேதியியலில் தேடிப் படித்ததுதான் முக்கியம். ஒரே பதில் அவள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் போகும். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதக் கூடாது.

ஜெர்மனி: பொருத்தம் வேண்டும்

நான்கு வருடம் கழித்து முதுநிலைக்கு ஜெர்மனி போக நினைத்தால், விதி தலைகீழ். அங்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்க ஊக்கக் கடிதம்தான் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், அந்தப் படிப்பில் தனக்கு வேண்டிய பாடங்கள், அதற்கு ஈடாக கல்லூரியில் தான் படித்தவை, படித்து முடித்தபின் செய்யப்போகும் வேலை எல்லாம் இருக்க வேண்டும். படகு ஒரே வாக்கியம். ‘சிறு வயதிலிருந்தே கனவு’ என்று தொடங்கினால் இடம் வீண்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நடந்தவற்றை மட்டும் தேதியோடு ஒரு தாளில் பட்டியலிட வேண்டும். மூன்று கடிதங்களையும் அதிலிருந்து தனித்தனியாக எழுத வேண்டும். அமெரிக்கக் கட்டுரையை வெட்டிச் சுருக்கினால் பிரிட்டன் பதில் கிடைக்காது. பாடம் இல்லாத கதைதான் மிஞ்சும்.

எழுதியதும் ஒரு சோதனை. ஜெர்மனி கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றிப் படித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பொருந்தினால், அது இன்னும் பொதுக் கடிதம்தான். அமெரிக்கக் கட்டுரையில் அவள் பெயருக்குப் பதில் தோழியின் பெயரைப் போட்டாலும் பொருந்தினால், மறுபடி எழுத வேண்டும்.