ஜூன் 30 அன்று விற்கலாமா?

"காலாவதி மருந்து விஷயத்துல சாஃப்ட்வேர் கொஞ்சம் உஷாரா இருக்கணும்." மருந்துக்கடை உரிமையாளர் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசை நியாயமானது. ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு புரோகிராமர் வேலையில் இறங்கினால், எச்சரிக்கை மணி அடிக்கும் ஒன்றைச் செய்து வைப்பார். கடைக்காரர் நினைத்ததோ பில்லே போட முடியாதபடி தடுப்பது.

முதலில் யாருக்கு, என்ன, எதற்கு என்று கேட்க வேண்டும். பதில் யூசர் ஸ்டோரி ஆகிறது: "பில் போடுபவராகிய எனக்கு, காலாவதியான பேட்சை பில்லில் சேர்க்கவிடாத வசதி வேண்டும், கூட்ட நேரத்தில் அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தவறினாலும் கெட்ட மருந்து வெளியே போகக்கூடாது." எதற்கு என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மணி போதுமா, தடை வேண்டுமா என்பதை முடிவு செய்வதே அதுதான்.

அடுத்து, வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்? இதற்குத்தான் 2000-களின் தொடக்கத்தில் டான் நார்த்தும் கிறிஸ் மாட்ஸும் 'கிவன், வென், தென்' வடிவத்தை உருவாக்கினார்கள்: இருக்கும் நிலை, நடக்கும் செயல், தெரிய வேண்டிய விளைவு. இந்த வடிவத்தைப் படித்துச் சோதனை ஓட்டும் குக்கும்பர் என்ற கருவி தமிழிலும் எழுதவிடுகிறது:

```
# language: ta
அம்சம்: காலாவதி பேட்சைத் தடுத்தல்
  காட்சி: காலாவதி மாதம் முடிந்த மறுநாள்
    கொடுக்கப்பட்ட A17 பேட்சின் காலாவதி 06/2025
    மற்றும் இன்றைய தேதி 01-07-2025
    எப்போது A17 பேட்சை பில்லில் சேர்க்கிறார்
    அப்பொழுது அது பில்லில் சேராது
    மற்றும் "காலாவதி" என்ற செய்தி தெரியும்
```

தேதியைக் குறிப்பாக எழுதியதும் மறைந்திருந்த கேள்வி வெளியே வருகிறது. அட்டையில் மாதமும் ஆண்டும்தான் இருக்கும், நாள் இருக்காது. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும். ஆகவே 30-06-2025 அன்று அதே A17 பில்லில் சேர வேண்டும் என்று இரண்டாவது காட்சி எழுத வேண்டும். இதை எழுதாத இடத்தில் புரோகிராமர் ஜூன் 1-ஐ எல்லையாக வைத்துவிட, ஒரு மாதச் சரக்கு முடங்கும்.

எழுதுவதில் வழக்கமாக நேரும் தவறு, விளைவை எழுத வேண்டிய இடத்தில் திரையை வர்ணிப்பது. "சிவப்புப் பெட்டி தோன்றும்" என்றால் நிறம் மாறியதும் சோதனை தோற்கும். பேட்ச் பில்லில் சேர்ந்ததா என்பது சோதிக்கப்படாமலே போகும். "சரியாக எச்சரிக்கும்" என்பதும் உதவாது. ஆம், இல்லை என்று இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒரே பதில் சொல்ல முடியவில்லையென்றால் அந்த வரி இன்னும் ஆசையாகவே இருக்கிறது.

காட்சிகளைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டுவதைத் தவிர்க்கவே கூடாது. ஜூன் 30 காட்சியைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்காருவார்: "பத்து நாள் மாத்திரையை அன்னைக்குக் கொடுத்தா, மறுநாளே காலாவதி ஆயிடுமே?" நல்ல கேள்வி. ஆனால் இதற்கு எத்தனை நாளுக்கான மருந்து என்பதும் பில்லில் பதிவாக வேண்டும். அதைத் தனி ஸ்டோரியாக எழுதி, இதற்கு அடுத்து வைக்க வேண்டும்.