கால் தவறியதா, பலகை எழும்பியதா?

கட்டட வேலையில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அன்று மாலைக்குள் எழுதப்படும் அறிக்கையில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "இரண்டாவது மாடியில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது கால் தவறிக் கீழே விழுந்துவிட்டார்." படிக்கும்போது எல்லாம் விளங்கியதுபோல் இருக்கிறது. ஆனால் எவ்வளவு உயரம், எந்தப் பலகை, அந்தப் பலகை எதன்மேல் கிடந்தது என்று கேட்டால் அந்த வரியில் பதில் இல்லை. கால் தவறியதை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்பதும் அதில் இல்லை.

காவல்துறை வந்தால் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கும். அவர்கள் வந்து சேர்வதற்குள் சாரம் இருந்தபடியே இருக்குமா என்பதுதான் சிக்கல். அடிபட்டவரைத் தூக்குவதற்காகப் பலகையை நகர்த்துவார்கள். இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதே என்று மேஸ்திரி இரண்டு கம்புகளைச் சேர்த்துக் கட்டச் சொல்வார். மறுநாள் சாரத்தையே பிரித்துவிடவும் கூடும். ஆகவே அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும், சாரத்தில் யாரும் ஏறாமல் தடுத்துவிட்டு, பொறியாளரோ பாதுகாப்பு அலுவலரோ உடனே செய்ய வேண்டிய வேலை, இருப்பதை இருந்தபடியே பதிவு செய்வது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். சவுக்குக் கம்பு சாரம். சுவரை ஒட்டிய குறுக்குக் கம்புகளின் ஒரு முனை சுவரில் விட்ட ஓட்டைக்குள்ளும், மறுமுனை வெளியே நிற்கும் நெடுங்கம்பிலும் இருக்கிறது. அவற்றின் மேல் 3 மீட்டர் நீளப் பலகைகள். பூச்சுக்காரர் விழுந்திருக்கிறார், அவர் நின்ற பலகையும் கீழே கிடக்கிறது.

முதலில் வரைபடம். கையால் வரைந்தால் போதும், அழகு தேவையில்லை. மேலிருந்து பார்ப்பதுபோல் ஒன்று, சுவருக்கு எதிரே நின்று பார்ப்பதுபோல் ஒன்று என இரண்டு வேண்டும். ஓரத்தில் 'அளவு விகிதப்படி வரையப்படவில்லை' என்றும், தேதி, நேரம், வரைந்தவர் பெயர், வடக்கு எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும். அவர் விழுந்து கிடந்த இடத்தையும் பலகை கிடந்த இடத்தையும் குறிக்க, நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து டேப் பிடிக்க வேண்டும்; கட்டடத் தூணின் ஒரு மூலையும் வாசல் நிலையின் ஒரு காலும் அதற்குப் போதும். மணல் குவியலிலிருந்து அளந்தால், அடுத்த நாள் மணலும் இருக்காது, அளவுக்கும் பொருள் இருக்காது. ஏற்கெனவே நகர்த்தப்பட்ட பொருளை 'நகர்த்தப்பட்டது' என்றே எழுதி, யார் சொன்ன இடம் என்பதையும் குறித்துவிடுவது நல்லது.

உயரத்தை மாடிக் கணக்கில் சொன்னால் ஆளுக்கொரு எண் வரும். பலகையின் மேற்பரப்பிலிருந்து அவர் விழுந்த தரை வரை டேப் விட்டு மீட்டரில் எழுத வேண்டும்.

இனி, சுவருக்கு எதிரே நின்று வரைந்த படத்தில் குறுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகக் குறித்து, இடைவெளியை எழுதிக்கொண்டே போகும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. முதல் கம்பிலிருந்து இரண்டாவதுக்கு 1.2 மீட்டர், அடுத்ததற்கும் 1.2 மீட்டர். பலகை முதல் கம்பில் தொடங்கியிருந்தது. அப்படியானால் மூன்றாவது கம்பைத் தாண்டி 60 சென்டிமீட்டர் ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், ஒரு முனையிலிருந்து சரியாக 60 சென்டிமீட்டரில் மரம் புதிதாகத் தேய்ந்திருக்கிறது. மூன்றாவது கம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதில் கம்பு இல்லை. எதிரே நெடுங்கம்பில் அவிழ்ந்த கயிறு தொங்குகிறது. அங்கே நான்காவது கம்பு ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பலகையைத் தராசில் வைத்தால் 18 கிலோ. அதன் நடுப்பகுதி மூன்றாவது கம்பிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. 18-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 16.2. வேலை செய்தவரின் எடை 60 கிலோ என்றால், 16.2-ஐ 60-ஆல் வகுக்க 0.27 மீட்டர் வருகிறது. மூன்றாவது கம்பைத் தாண்டி 27 சென்டிமீட்டருக்கு மேல் அவர் முழு எடையோடு நின்றாலே, கட்டப்படாத அந்தப் பலகை மறுபக்கம் எழும்பிவிடும். நான்காவது கம்பு இருந்திருந்தால் நீட்டம் வெறும் 10 சென்டிமீட்டர். முனையிலேயே நின்றாலும் எழும்பாது. பலகையின் தடிமனைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வெளியே நீட்ட விடாதே என்று தொழிலில் ஒரு வழக்கு உண்டு. 38 மில்லிமீட்டர் பலகைக்கு அது சுமார் 15 சென்டிமீட்டர். கால் சறுக்கியிருக்கவே முடியாது என்று இந்தக் கணக்கு நிரூபித்துவிடாது. ஆனால் 'கால் தவறி' என்ற சொல்லை இனி யோசிக்காமல் எழுத முடியாது.

புகைப்படத்தின் வேலை வேறு. வரைபடம் எதை வேண்டும் என்று தேர்ந்து காட்டுகிறது. படம், எடுப்பவர் கவனிக்காததையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. முதலில் தூரத்திலிருந்து நான்கு பக்கமும், பிறகு கிட்டத்தில், கடைசியில் ஓட்டையையும் தேய்மானத்தையும் மிக அருகில் எடுக்க வேண்டும். அருகில் எடுப்பதை ஒருமுறை அப்படியே எடுத்துவிட்டு, அடுத்ததாக ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டால், அறிக்கையில் 'படம் 7-ல் உள்ள ஓட்டை' என்று தடுமாறாமல் எழுதலாம்.

கம்பு சாய்ந்திருந்ததா என்பதற்கு மட்டும் படத்தை நம்பக் கூடாது. செல்போனின் அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் வரும் நேரான கம்பையும் சாய்த்துக் காட்டும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேலே எவ்வளவு விலகல், கீழே எவ்வளவு விலகல் என்று அளந்து எழுதுவதே சரி.

விபத்துக்குப் பிறகு கட்டப்பட்ட கம்பையும் நல்ல படம் காட்டிக்கொடுக்கும். பல நாள் நின்ற கம்புகளிலும் முடிச்சுகளிலும் சிமென்ட் கலவை தெறித்துக் காய்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு கைப்பிடிக் கம்பு மட்டும் துளி கறையில்லாமல், புதுக் கயிற்றோடு இருந்தால், அது எப்போது கட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். இதுவே முடிவான சாட்சி ஆகாது. காலையில் மாற்றிக் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த நேரம் முதலான உள்விவரங்களும் போய்விடும். மூலக் கோப்பு போனில் அப்படியே இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. அடிபட்டவரின் முகம் தெரியும் படங்களை யாருக்கும் அனுப்பாமல் தனியே வைப்பது மனித மரியாதை.

சில அளவுகள் டேப்புக்கு எட்டாதவை. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் குளிர்விப்புக் கோபுரம் கட்டும்போது, அதன் சுவரில் பொருத்தியிருந்த சாரம் சரிந்து 51 பேர் இறந்தார்கள். சாரத்தைத் தாங்கிய புதுக் கான்கிரீட் போதிய வலுப் பெற்றிருக்கவில்லை என்று ஆய்வு கண்டது. கான்கிரீட் போட்ட நேரமும் அன்றைய குளிரும் அங்கே டேப் அளவைப் போலவே முக்கியமான எண்கள். அதனால் நம் உதாரணத்திலும் மழை பெய்ததா, பலகை ஈரமாக இருந்ததா, மணி என்ன என்பதெல்லாம் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

பார்த்தவர்களைத் தனித்தனியே விசாரிக்கும்போது, ஒவ்வொருவர் கையிலும் வரைபடத்தின் நகல் ஒன்றைக் கொடுத்து, "அண்ணே, நீங்க எங்க நின்னீங்கன்னு இதுல ஒரு புள்ளி வைங்க" என்று கேட்கலாம். கலவை இயந்திரத்தின் அருகே புள்ளி வைத்தவருக்குப் பச்சை வலையைத் தாண்டி அந்தப் பலகை தெரியுமா என்று அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். நான்காவது கம்பை உருவியது யார், ஓட்டையை அடைத்துப் பூசுவதற்காகவா என்ற கேள்விக்கு வரைபடமோ படமோ பதில் சொல்லாது. மேஸ்திரியும் சித்தாளும்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியே, ஓட்டைகளை எண்ணி அளந்த பிறகுதான் எழுகிறது.

பலகையிலும் கயிற்றிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டி, பூட்டிய அறையில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார்கள். தொங்கும் கயிற்றை எடுக்கும்போது முடிச்சை அவிழ்க்காமல் தள்ளி வெட்டுவது வழக்கம். அது எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பிறகு பார்ப்பவருக்கு அந்த முடிச்சு தேவைப்படும்.