கண்டியிலிருந்து கல்முனை வரை

கடந்த விடுமுறையில் கல்முனையிலிருந்து கண்டியிலுள்ள சாச்சி வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். ஏழு வயதுத் தம்பி வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். மகியங்கனை தாண்டி 18 வளைவில் பஸ் ஏறியபோது வாந்தி எடுத்துவிட்டான். பஸ் திரும்புவதைக் காது உணர்கிறது, போனைப் பார்க்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். தூரத்தைப் பார்த்தால் அது குறையும்.

ஆகவே, திரும்பி வரும்போது உம்மா போனைப் பையில் வைத்துவிட்டார். நான் ஊர்ப்பெயர்ச் சங்கிலி விளையாட்டைத் தொடங்கினேன். ஓர் ஊரின் கடைசி எழுத்தில் அடுத்த ஊர் தொடங்க வேண்டும். தம்பி "கல்முனை" என்றதுமே விளையாட்டு நின்றுவிட்டது.

"ராத்தா, 'னை'யில ஊரே இல்லையே!"

அவன் சொன்னது சரிதான். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு எழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வாரா என்று நன்னூலில் படித்திருக்கிறோம். ஆனால் நம் ஊர்ப்பெயர்கள் பல இந்த எழுத்துகளில்தான் முடிகின்றன. அதனால் விதியைச் சற்று மாற்றினோம். கடைசி எழுத்து இந்த எட்டில் ஒன்றானால் அதை விட்டுவிட்டு முந்திய எழுத்தை எடுக்க வேண்டும். அதுவும் அப்படியானால் அதற்கும் முந்தியது. 'ய'வில் தொடங்கும் ஊர்கள் குறைவு என்பதால் அதையும் விட்டுவிடலாம். எடுத்த எழுத்தின் வரிசையில் எந்த எழுத்தும் சரி. 'மு' வந்தால் 'மா'விலும் தொடங்கலாம். சொன்ன ஊரைத் திரும்பச் சொல்லக்கூடாது.

அதன்பின் சங்கிலி இப்படி நீண்டது: கண்டி, கல்முனை, மாத்தளை, தம்புள்ளை, புத்தளம், மட்டக்களப்பு, பேருவளை, வவுனியா, வாழைச்சேனை, சம்மாந்துறை, திருகோணமலை. ஊர் கிடைக்காதபோது தம்பி யன்னலுக்கு வெளியே பெயர்ப்பலகைகளைத் தேடினான். அவன் கண் தானாகவே தூரத்துக்குப் போய்விட்டது.

சங்கிலி அலுத்ததும் அதே 11 ஊர்களை வைத்து ஊகிக்கும் விளையாட்டை ஆடினோம். ஒருவர் ஓர் ஊரை நினைப்பார். மற்றவர் ஆம், இல்லை என்ற பதில் வரும் கேள்விகளை மட்டும் கேட்கலாம். சிறுவர்கள் இடையில் ஊரை மாற்றிவிடுவார்கள். அதனால் தம்பி முதலிலேயே உம்மாவின் காதில் சொல்லிவிட வேண்டும். என் முறை வந்தபோது, ஊர்களை ஒவ்வொன்றாகக் கேட்காமல் கூட்டத்தைப் பிரிக்கும் கேள்வி கேட்டேன்.

"கடலோரமா?"

"ஓம்."

11 ஊர்களில் மிஞ்சியவை ஆறு.

"கிழக்கு மாகாணமா?"

"இல்ல."

புத்தளமும் பேருவளையும் மட்டுமே மிஞ்சின.

"காலி வீதியிலயா?"

"ஓம்."

"அப்ப பேருவளை!"

ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஊர்கள் அதிகம் தெரியாது. அவர்களுக்கு மிருகம், பழம், குசினிச் சாமான் போதும்.

அன்று 18 வளைவில் இறங்கும்போது தம்பி 'ச'வில் தொடங்கும் ஊரைத் தேடிக்கொண்டிருந்தான். உம்மா எடுத்து வைத்த பொலித்தீன் பை கல்முனை வரை மடித்தபடியே இருந்தது.