இருமல் நின்றுபோனால் முதுகில் ஐந்து அடி

நியூயார்க் நகர உணவகங்களில், சாப்பிடும்போது தொண்டை அடைத்துக்கொண்டவரைக் காப்பாற்றும் முறையைப் படம் போட்டுச் சொல்லும் சுவரொட்டியை மாட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். நம் வீடுகளில் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்கிறோம். சாதாரணப் புரையேறல் தானாகவே அடங்கிவிடும். மூச்சுக்குழாயே அடைத்துக்கொண்டவருக்கு அந்தத் தட்டல் உதவாது.

இரண்டையும் பிரித்துக்காட்டுவது சத்தம்தான். பலமாக இருமுகிறவருக்குக் காற்று போய்வருகிறது. அவரை இருமவிட வேண்டும், தண்ணீர் கொடுக்கக் கூடாது.

கல்யாணப் பந்தியில் ஒருவர் கறித்துண்டை மெல்லாமல் விழுங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை கழுத்துக்குப் போகிறது, வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை. "அண்ணே, மூச்சு அடைக்குதா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். உடனே ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் அவரை முன்னால் குனியவைத்து மார்பைத் தாங்கிக்கொண்டு, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கி அடிக்க வேண்டும். துண்டு வெளியே வராவிட்டால் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். துண்டு வரும்வரை இப்படியே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றில் அல்ல, மார்பின் நடுவில்.

இந்த வயிற்று அழுத்தத்தை 1974-இல் பரப்பியவர் அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் ஹென்றி ஹைம்லிக். முதுகில் அடிப்பது ஆபத்து என்று அவர் கடுமையாக எதிர்த்ததால், அமெரிக்காவில் அது பல ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்தது. அமெரிக்க இதய சங்கத்தின் 2025 வழிகாட்டுதல் முதுகு அடியையே முதலில் வைத்திருக்கிறது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை மட்டும் அழுத்தவே கூடாது. அந்த வயதில் கல்லீரல் பெரியது, விலா எலும்புகளின் காப்பும் குறைவு, அழுத்தினால் கிழிந்துவிடலாம். குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, வாயை மூடிவிடாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து அடி. பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்தம். குழந்தை அழத் தொடங்கினால் காற்று போகிறது என்று அர்த்தம்.

பெரியவரோ குழந்தையோ நினைவிழந்தால் தரையில் கிடத்தி, நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்பும் வாய்க்குள் பார்க்க வேண்டும். அடைத்த பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே இறங்கிவிடும். வயிற்றை அழுத்திக் காப்பாற்றப்பட்டவர் தெளிவாகப் பேசினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளே காயம் பட்டிருக்கலாம்.