போன் மாறியது, சந்தா மாறவில்லை

ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஐபோனுக்கு மாறும்போது படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் புதிய போனுக்கு வந்துவிடுகின்றன. அதற்கென்றே Move to iOS என்ற செயலியை ஆப்பிள் வைத்திருக்கிறது. சந்தாக்கள் மட்டும் அப்படி வருவதில்லை. ப்ளே ஸ்டோர் வழியாகத் தொடங்கிய சந்தா போனோடு ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. தொடங்கிய அன்று ப்ளே ஸ்டோரில் எந்தக் கூகுள் கணக்கு திறந்திருந்ததோ அந்தக் கணக்கில் பதிவானது. செயலியை நீக்கினாலும், பழைய போனை ரீசெட் செய்து விற்றாலும், அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும்வரை பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

குழப்பத்துக்குக் காரணம், சேவையைத் தருபவரும் பணத்தை வாங்குபவரும் வேறு வேறாக இருப்பது. இந்த வகையில் சந்தாக்கள் மூன்று விதம். முதலாவது, சேவை நிறுவனமே தன் இணையதளத்தில் நேராகப் பணம் வாங்குவது. போன் மாறினால் இதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது, பணத்தை ஸ்டோர் வாங்கி, உரிமையைச் சேவை நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது. பாட்டு, வீடியோ, மொழி கற்கும் செயலிகள் பலவும் இந்த ரகம். ஐபோனில் அதே மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் எல்லாம் வழக்கம்போல் திறக்கும், ஆனால் மாதாமாதம் பணம் வாங்குவது கூகுள்தான். மூன்றாவது, தனிக் கணக்கே இல்லாத செயலிகள். ஸ்கேனர், வானிலை, கேமரா ஃபில்டர் போன்ற சிறு செயலிகள் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றில் உரிமையும் ஸ்டோர் கணக்கிலேயே கிடக்கிறது; ஐபோனுக்கு அது வரவே வராது.

இரண்டாவது ரகம் எல்லாம் சரியாகவே நடக்கிறது என்ற தோற்றத்தைத் தந்து ஏமாற்றும். மூன்றாவது ரகத்தில் நட்டம் நேரடியானது. ஐபோனில் அதே ஸ்கேனர் செயலியை இறக்கினால் மறுபடியும் சந்தா கேட்கும். Restore Purchases என்ற பொத்தானை அழுத்தினாலும் பயன் இருக்காது, ஏனென்றால் அது ஆப்பிளின் பதிவேட்டில் மட்டுமே தேடும்; கூகுளின் பதிவேடு அதன் கண்ணுக்கே தெரியாது. வேறு வழியின்றி ஆப்பிளிலும் சந்தா கட்டினால், பழையது கூகுளிலும் புதியது ஆப்பிளிலுமாக ஒரே செயலிக்கு இரண்டு பேருக்குப் பணம் போகும்.

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்டோர் வழியாகப் போகும் சந்தாவுக்கு அந்தத் தகவலில் வணிகர் இடத்தில் பெரும்பாலும் கூகுள் அல்லது ஆப்பிள் என்றுதான் இருக்கும். எந்தச் செயலிக்காக என்பது தெரியாது. யூபிஐ ஆட்டோபே வழியாகக் கட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூகுள் பே என்பது பணம் செலுத்தும் செயலி, கூகுள் ப்ளே என்பது கடை. ஆப்பிளுக்குப் போகும் சந்தாவைக்கூட கூகுள் பே வழியாகக் கட்டலாம். ஆகவே கூகுள் பேயில் ஒரு ஆட்டோபே தெரிகிறது என்பதாலேயே அது ப்ளே ஸ்டோர் சந்தா என்று ஆகிவிடாது. அங்கே யாருடைய பெயருக்குப் பணம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

செயலி வாரியாக உண்மையைச் சொல்வது ஸ்டோர் அனுப்பும் ரசீதுதான். கூகுள் ப்ளேயின் ஆர்டர் எண்கள் GPA என்று தொடங்கும். ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இப்படித் தட்டினால் ரசீதுகள் வரிசையாக வந்து நிற்கும்:

```
"GPA" newer_than:13m
```

பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் பதின்மூன்று மாதம் தேடுவது ஆண்டுச் சந்தாவுக்காக. மாதச் சந்தா எப்படியும் கண்ணில் பட்டுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதான் மறந்துபோய், போன் மாற்றி எட்டு மாதம் கழித்துத் திடீரென்று பெருந்தொகையாக வந்து நிற்கும்.

கணக்கு எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். மார்ச் மாதம் ஐபோனுக்கு மாறிய ஒருவர் ப்ளே ஸ்டோர் வழியாக மூன்று சந்தாக்கள் வைத்திருந்தார் என்று கொள்வோம்: பாட்டுச் செயலிக்கு மாதம் 120 ரூபாய், ஸ்கேனருக்கு மாதம் 90 ரூபாய், மொழி கற்கும் செயலிக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய். ஐபோனில் பாட்டு ஓடுகிறது, பாடம் திறக்கிறது. ஸ்கேனர் மட்டும் பணம் கேட்கிறது, அங்கே மறுபடியும் 90 ரூபாய் கட்டுகிறார். பிறகு உலாவியில் play.google.com/store/account/subscriptions என்ற பக்கத்தைத் திறக்கிறார். ஐபோனிலிருந்தும் இதைத் திறக்கலாம், ஆண்ட்ராய்டு போன் தேவையில்லை. அங்கே பாட்டும் ஸ்கேனரும் இருக்கின்றன, மொழிச் செயலியைக் காணவில்லை. நின்றுபோனதாக நினைத்துவிடக் கூடாது. பழைய போனில் சொந்த ஜிமெயில், அலுவலக ஜிமெயில் என இரண்டு கணக்குகள் இருந்தன. சந்தா கட்டிய அன்று ப்ளே ஸ்டோரில் திறந்திருந்தது அலுவலகக் கணக்கு. செயலிக்குள் நுழையக் கொடுத்த மின்னஞ்சல் சொந்தக் கணக்குடையது என்பதால் அதைப் பார்த்து ஊகிக்க முடியாது. பக்கத்தின் மேல் மூலையில் உள்ள முகப்படத்தைத் தொட்டு ஒவ்வொரு கூகுள் கணக்குக்கும் மாறிப் பார்த்தால்தான் மூன்றாவது வெளியே வரும்.

அப்படியும் ஐயம் தீராவிட்டால், சேவை நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்து கணக்குப் பக்கத்தைப் பார்க்கலாம். பணம் யார் வழியாக வருகிறது என்று பெரும்பாலான நிறுவனங்கள் அங்கே ஒரு வரி எழுதியிருக்கும். கூகுள் ப்ளே வழியாக என்று இருந்தால் ரத்து செய்யும் பொத்தான் அங்கே இருக்காது, ப்ளே ஸ்டோருக்குப் போகச் சொல்லும். சிலருக்குச் சந்தா செல்போன் நிறுவனத்தின் ரீசார்ஜ் திட்டத்தோடு சேர்ந்து வந்திருக்கும். அது எந்த ஸ்டோரிலும் தெரியாது.

கண்டுபிடித்தபின் எந்த வரிசையில் மாற்றுவது என்பதும் முக்கியம். ப்ளே ஸ்டோரில் சந்தாவை ரத்து செய்தால் சேவை அன்றே நிற்பதில்லை. கட்டிய காலம் முடியும்வரை ஓடும். ஆகவே முதலில் பழையதை ரத்து செய்து, கடைசி நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அது கழிந்தபின் புதிதாகச் சேர்வதே சிக்கனம். கணக்கு அடிப்படையிலான சேவைகளில் அவசரப்பட்டு முன்பே சேர முயன்றால், ஏற்கெனவே சந்தா இருக்கிறது என்று சில செயலிகள் தடுத்துவிடும். வேறு சில பேசாமல் இரண்டாவது பணத்தையும் வாங்கிக்கொள்ளும்.

யூபிஐயில் ஆட்டோபேயை மட்டும் வெட்டிவிடுவது பலர் கையாளும் குறுக்குவழி. அது சந்தாவை ரத்து செய்வதாகாது. பணம் வரவில்லை என்று கண்ட ஸ்டோர் மீண்டும் முயலும். வேறு கார்டோ ப்ளே இருப்போ அதே கணக்கில் இருந்தால் அதிலிருந்து எடுக்கவும் கூடும். ஸ்டோரில் ரத்து செய்து, உறுதி மின்னஞ்சல் வந்தபின் ஆட்டோபேயை வெட்டினால் தொல்லை இல்லை.

மறுபடி சேரும்போது ஐபோன் செயலிக்குள் சேர்வதைவிடச் சேவை நிறுவனத்தின் இணையதளத்தில் சேர்வது பெரும்பாலும் நல்லது. அடுத்த முறை போன் மாறினாலும் அது அசையாது. சில சமயம் விலையும் குறையும். ஆப்பிளின் வழக்கமான பங்கு, சந்தாவின் முதல் ஆண்டில் 30 விழுக்காடு, அதன்பின் 15 விழுக்காடு. யூடியூப் பிரீமியம் போன்ற சில சேவைகள் இந்தப் பங்கை ஐபோன் செயலிக்குள் வாங்குபவர் தலையில் வைத்து விலையைக் கூட்டியிருக்கின்றன. ஸ்பாட்டிஃபை 2016-இல் ஆப்பிள் வழியாகப் புதிய சந்தா வாங்குவதை நிறுத்தியது. ஏற்கெனவே அந்த வழியில் கட்டிவந்தவர்களை விட்டு வைத்திருந்தது. 2023-இல்தான் அவர்களிடமும் இனி அப்படிக் கட்ட முடியாது என்று தெரிவித்தது. ஒருமுறை தொடங்கிய வழியிலேயே மக்கள் ஏழு ஆண்டுகள் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருபவர்களுக்கும் கதை இதுதான், கொஞ்சம் கூடுதல் சிரமத்தோடு. ஐபோன் கையில் இருக்கும்போதே Settings-இல் தன் பெயரைத் தொட்டு Subscriptions பகுதியைப் பார்த்துவிடுவது எளிது. போன் கைமாறியபின் என்றால், விண்டோஸ் கணினியில் ஆப்பிள் மியூசிக் அல்லது ஆப்பிள் டிவி செயலியை நிறுவி, பழைய ஆப்பிள் கணக்கில் நுழைந்து ரத்து செய்யலாம். எதற்குப் பணம் போனது என்ற பட்டியலை reportaproblem.apple.com தளத்தில் எந்த உலாவியிலும் பார்க்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். ஆனால் உள்ளே நுழைய ஆறு இலக்க எண் ஒன்று பழைய ஐபோனுக்கோ பதிவு செய்த செல் எண்ணுக்கோ வரும். போனையும் விற்று, எண்ணையும் மாற்றியவர் இங்கே மாட்டிக்கொள்வார். விற்பதற்கு முன் கணக்கில் இப்போதைய செல் எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். ரத்து செய்வதிலும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது: ஆப்பிள் அடுத்த தவணைப் பணத்தைக் காலம் முடிவதற்கு 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம் என்பதால், கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது.

திருப்பிக் கேட்பதற்குக் கூகுளில் பொதுவான வரம்பு 48 மணி நேரம். அதற்குள் ப்ளே தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்; தாண்டிவிட்டால் செயலியை உருவாக்கியவரிடம் கேட்கச் சொல்வார்கள். பல மாதமாக ஓடிய பழைய சந்தாவுக்கு முழுத்தொகையும் திரும்புவது அரிது.

ஆப்பிள் பட்டியலில் ரத்து செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியது ஐகிளவுட் பிளஸ் ஒன்றுதான். ஆண்ட்ராய்டுக்கு வந்தவருக்கு அது வேண்டாத செலவாகத் தெரியும், ஆனால் பழைய படங்கள் எல்லாம் அங்கே இருக்கலாம். இலவச அளவு 5 ஜிபி மட்டுமே. கட்டணத் திட்டம் முடிந்தபின் அதைவிட அதிகமாக இருந்தால் புதிதாக எதுவும் ஏறாது, ஐகிளவுட் முகவரிக்கு அனுப்பப்படும் மின்னஞ்சலும் வந்து சேராது. படங்களைக் கணினிக்கோ கூகுள் போட்டோஸுக்கோ நகலெடுத்து, எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தபின் அதை ரத்து செய்யலாம்.