நான்கு வரி விளம்பரம்

“மழலையர் பள்ளிக்கு ஆயா தேவை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை 8.30 முதல் மாலை 6 வரை. ஓராண்டு அனுபவம். சம்பளம் ரூ.9,000.” தெருமுனைச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு ஒன்பதரை மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 247 மணி நேரம். மணிக்குச் சுமார் 36 ரூபாய்தான் தேறுகிறது.

‘பார்த்துக்கொள்வது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் சோறு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது, தூங்கவைப்பது எல்லாம் அடக்கம். ‘இதர வேலைகள்’ என்றும் போட்டிருந்தால், வகுப்பறையைக் கூட்டித் துடைப்பதும் பெரும்பாலும் அவர் தலையில்தான்.

போன் செய்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள்? பெற்றோர் தாமதமாக வந்தால், ஆறு மணிக்குப் பிறகு காத்திருப்பதற்குத் தனியாகக் காசு உண்டா?